எவ்வளவு கொடுத்தால் போதும்? விளைவுவாதமும் அதன் மிதமான வகைகளும்

கேள்வி: "யூட்டிலிடேரியனிசம் பத்திக் கொஞ்சம் படிச்சேன். அதன்படி பார்த்தா, நான் சினிமா டிக்கெட் வாங்குறதே தப்புன்னு வருது, ஏன்னா அந்தக் காசுல வேற யாருக்கோ உயிர் காக்கிற மருந்து வாங்கலாம். இவ்வளவு கேட்டா யாரால முடியும்? 'மிதமான' வகைகள் இதுக்குப் பதில் சொல்லுதுன்னு சொல்றாங்க. நிஜமாவே சொல்லுதா, மழுப்புதா?"

பதில் சொல்கின்றன. ஆனால் ஒவ்வொரு வகையும் சுமையைக் குறைக்க ஒரு விலை கொடுக்கிறது. அந்த விலை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் விழுகிறது என்பது என் கருத்து. அதைக் காட்ட எல்லா வகைகளையும் அடுக்கப்போவதில்லை. ஒன்றை மட்டும் எண்கள் போட்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, மற்றவற்றைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன்.

ஒரு செயல் சரியா தப்பா என்பதை அதன் விளைவுகளை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதுதான் விளைவுவாதம்; நீங்கள் படித்த யூட்டிலிடேரியனிசம் அதில் ஒரு வகை. முதலில், எது எவ்வளவு கேட்கிறது என்பது தெளிவாக வேண்டும். இந்த விவாதத்தின் இன்றைய வடிவம் தத்துவவாதி பீட்டர் சிங்கர் 1971 நவம்பரில் எழுதி 1972இல் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து வருகிறது. அப்போது கிழக்கு வங்காளத்திலிருந்து சுமார் 90 லட்சம் அகதிகள் இந்தியாவுக்குள் வந்திருந்தார்கள். பிரிட்டன் அதுவரை கொடுத்திருந்தது சுமார் 1.5 கோடி பவுண்டு. அதே பிரிட்டன் கான்கார்ட் விமானத்துக்குப் போட்டுத் திரும்ப எடுக்க முடியாத பணம் 27 கோடிக்கும் மேல் என்று சிங்கர் கணக்குக் காட்டினார். அவர் முன்வைத்த விதி இது: ஒரு கேட்டைத் தடுக்க நமக்கு வலு இருந்து, அதற்கு ஈடான முக்கியத்துவம் உள்ள எதையும் நாம் இழக்க வேண்டியதில்லை என்றால், தடுத்தே ஆக வேண்டும். "ஈடான" என்ற அந்த ஒரு சொல்லில்தான் பாரம் முழுக்க இருக்கிறது. அதன்படி, இன்னும் ஒரு ரூபாய் கொடுத்தால் வாங்குபவருக்கு வரும் நன்மையும் எனக்கு வரும் நஷ்டமும் சமமாகும் வரை நான் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். அதாவது, ஏறக்குறைய அகதியின் நிலைக்கு நானும் இறங்கும் வரை. அதே கட்டுரையில் "தார்மீக முக்கியத்துவம் உள்ள எதையும் இழக்காமல்" என்று இன்னொரு இளகிய விதியும் உண்டு. தமக்கு வலுவான விதியே சரியாகப் படுகிறது என்று சொன்ன சிங்கர், இளகியதை ஏற்றாலே நம் நுகர்வு வாழ்க்கை நிற்க முடியாது என்றும் சொன்னார். உங்கள் சினிமா டிக்கெட் இளகிய விதியிலேயே மாட்டிக்கொள்ளும்.

இதற்கு எதிரான ஆட்சேபத்தை நம் ஊரில் நான்கே சொற்களில் சொல்லிவிடுவார்கள்: தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். மிஞ்சியது எது என்பதைத்தான் பழமொழி சொல்வதில்லை. மிதமான விளைவுவாதம் என்பது அந்த "மிஞ்சி"க்கு ஓர் அளவு கண்டுபிடிக்கும் முயற்சி.

அவற்றில் மிகக் கவனமாகக் கட்டப்பட்டது சாமுவேல் ஷெஃப்லர் 1982இல் முன்வைத்தது. எது ஆகச் சிறந்த விளைவு என்பதை விளைவுவாதமே சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறார். ஆனால் அந்தச் சிறந்ததைச் செய்தே தீர வேண்டும் என்பதில் மட்டும் ஒரு சலுகை தருகிறார். ஒவ்வொருவரும் தன் நஷ்டத்தை மற்றவர் நஷ்டத்தைவிடக் கூடுதலாக எடை போட்டுக்கொள்ளலாம். எத்தனை மடங்கு? அந்த மடங்கைப் பெருக்கெண் என்று வைத்துக்கொள்வோம். என் நஷ்டத்தைப் பெருக்கெண்ணால் பெருக்கி வருவது, நான் செய்யாமல் விட்டதால் பிறர் இழந்த நன்மையைவிடப் பெரிதாக இருந்தால் என்மேல் தப்பில்லை. சிறிதாக இருந்தால் செய்தே ஆக வேண்டும். பெருக்கெண் 1 என்றால் அது சிங்கரின் வலுவான விதியேதான்.

இதை ஒரு சம்பளத்தில் வைத்துப் பார்க்கலாம். உங்கள் மாத வருமானம் 60,000 ரூபாய், வாங்குபவரின் மாத வருமானம் 2,000 ரூபாய் என்று கொள்வோம். ஒரு ரூபாயின் மதிப்பு, வருமானம் ஏற ஏறக் குறையும். வருமானம் இரண்டு மடங்கானால் அடுத்த ரூபாயின் மதிப்பு பாதியாகும் என்பது பொருளாதாரத்தில் அடிக்கடி பயன்படுத்தும் ஓர் எளிய அனுமானம். அதை எடுத்துக்கொண்டால், அவர் கையில் ஒரு ரூபாய் உங்கள் கையில் இருப்பதைவிட 30 மடங்கு மதிப்புள்ளது. வாங்குபவர்கள் ஏராளம், நீங்கள் கொடுப்பதால் அவர்கள் நிலை பெரிதாக மாறிவிடாது என்றும் வைத்துக்கொள்வோம். பெருக்கெண் 1 என்றால், உங்கள் வருமானம் 2,000 ஆகும் வரை நிறுத்த முடியாது. பெருக்கெண் 10 என்றால் 20,000இல் நிறுத்தலாம், அதாவது மாதம் 40,000 போய்விடும். பெருக்கெண் 20 என்றால் 20,000 கொடுக்க வேண்டும், 25 என்றால் 10,000. பெருக்கெண் 30 ஆனதும் நீங்கள் ஒரு பைசாகூடத் தர வேண்டியதில்லை. சூத்திரம் எளிது: பெருக்கெண்ணை வாங்குபவரின் வருமானத்தால் பெருக்குங்கள், வருவதுதான் நீங்கள் நிறுத்தும் இடம்.

இதில் கண்ணுக்குப் படும் முதல் சங்கடம், 10க்கும் 30க்கும் நடுவில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கோட்பாட்டுக்குள்ளிருந்து எந்தக் குரலும் வரவில்லை. ஷெஃப்லரும் ஓர் எண்ணைச் சொல்லவில்லை. இதைப் பெரிய குறையாக நான் கருதவில்லை. வழுக்கைக்கு எத்தனை முடி குறைய வேண்டும் என்றும் யாருக்கும் தெரியாது, ஆனாலும் வழுக்கை உண்டு.

இரண்டாவது சங்கடம் கனமானது. மேலே உள்ள கணக்கில் ஒரு ரூபாய், வாங்குபவர் கையில் ஒரு ரூபாயாகவே போய்ச் சேர்ந்தது. இப்போது கொடுக்கும் வழி திறமையானது என்று கொள்வோம். கொசுவலை, தடுப்பூசி போன்ற ஒன்று, ஒரு ரூபாயை ஐந்து ரூபாய் மதிப்புள்ள நன்மையாக மாற்றுகிறது. பெருக்கெண் 10தான், எதுவும் மாறவில்லை. ஆனால் நீங்கள் நிறுத்தும் இடம் 20,000இலிருந்து 4,000க்கு இறங்கிவிடும். பெருக்கெண்ணை 30 ஆக்கினாலும் 12,000தான். அதாவது, பெருக்கெண் உங்களுக்கு ஒரு நிலையான தரையைத் தரவில்லை. உலகம் எவ்வளவு மோசமாக இருக்கிறது, உதவும் வழி எவ்வளவு மலிவானது என்பதைப் பொறுத்து அந்தத் தரை நகர்ந்துகொண்டே இருக்கும். கேட்பது அதிகம் என்று புகார் சொன்னவருக்கு "இந்த வருடம் அதிகமில்லை" என்று பதில் சொல்வது போல இது.

மூன்றாவது, எதை ஒரு செயல் என்று எண்ணுவது. மாதம் 1,500 ரூபாய்க்கு வீணை வகுப்புக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத வகுப்பை விட்டால் அவருக்கு நஷ்டம் 1 அலகு, அந்தப் பணத்தால் பிறருக்கு நன்மை 15 அலகு, பெருக்கெண் 10 என்போம். 1ஐ 10ஆல் பெருக்கினால் 10, அது 15ஐவிடக் குறைவு; எனவே இந்த மாதம் வகுப்பை விட்டுப் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். அடுத்த மாதமும் இதே கணக்கு, அதற்கடுத்த மாதமும் இதே. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து விட்டால் விரல் மறந்துவிடும், போனது போனதுதான். மொத்த நஷ்டம் 12 அலகு அல்ல, 200 அலகு. பிறருக்கு வந்த நன்மை 180. வருடத்தை ஒரே செயலாக எண்ணியிருந்தால் 200ஐ 10ஆல் பெருக்கி 2,000 வரும், 180ஐ அது எங்கோ தாண்டிவிடும், வகுப்பை அவர் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஒரே வாழ்க்கை, ஒரே பணம், ஒரே பெருக்கெண். துண்டு துண்டாகக் கேட்டால் கொடு என்கிறது, மொத்தமாகக் கேட்டால் வேண்டாம் என்கிறது. விளைவுவாதம் மனிதர்களின் வாழ்நாள் ஈடுபாடுகளை விழுங்கிவிடும் என்று பெர்னார்ட் வில்லியம்ஸ் 1973இல் சொன்ன புகாருக்கு மருந்தாகத்தான் ஷெஃப்லர் இந்தச் சலுகையைக் கொண்டுவந்தார். அதே ஈடுபாடு தவணை முறையில் கரைந்து போவதை அவருடைய சலுகை தானாகத் தடுப்பதில்லை. கேரட் கல்லிட்டி 2004இல் எழுதிய நூல் இந்த "ஒவ்வொன்றாக எண்ணுவதா, சேர்த்து எண்ணுவதா" என்ற கேள்வியைத்தான் நடுவில் வைக்கிறது. சேர்த்து எண்ண வேண்டும் என்பதே அவர் பக்கம். எனக்கும் அதுவே சரியாகத் தோன்றுகிறது. ஆனால் சேர்த்து எண்ணுவதற்கு விலை உண்டு: ஏற்கெனவே நிறையக் கொடுத்துவிட்ட ஒருவர், கண்ணெதிரே குளத்தில் மூழ்கும் குழந்தையைப் பார்த்து "என் பங்கு முடிந்தது" என்று நடக்கலாமா? முடியாது என்றுதான் எல்லோருக்கும் படும். தூரத்துத் தேவைக்குச் சேர்த்து எண்ணு, பக்கத்து ஆபத்துக்குத் தனியாக எண்ணு என்று பிரித்தால், அந்தப் பிரிப்பு விளைவிலிருந்து வரவில்லை. அதை வேறு எங்கிருந்தோ கொண்டுவந்தாக வேண்டும்.

இனி நான் முதலில் சொன்ன அந்த ஒரே இடத்துக்கு வருகிறேன். ஷெல்லி கேகன் 1984இல் ஷெஃப்லரின் பெருக்கெண்ணைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். ஒரு அந்நியரைக் காப்பாற்றப் பெருந்தொகை ஒன்றைச் செலவழிக்க நான் மறுக்கலாம், பெருக்கெண் அதை அனுமதிக்கிறது என்று கொள்வோம். சரி. மாமா இறந்தால் அதே தொகை எனக்குச் சொத்தாக வரும். மாமாவை நான் கொன்றால்? கணக்கில் இரண்டும் ஒன்றுதான்: ஒரு பக்கம் ஒரு உயிர், மறுபக்கம் எனக்கு அதே தொகை. உயிர் போகும்படி விட்டுவிட்டுப் பணத்தை வைத்துக்கொள்ளச் சலுகை உண்டென்றால், உயிரை எடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளவும் சலுகை உண்டு. சாதாரண விளைவுவாதி இந்தச் சிக்கலில் மாட்டமாட்டார், ஏனென்றால் அவர் இரண்டையுமே அனுமதிக்கவில்லை. மிதமாக்கப் போனவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

இதற்கு ஒரு தீர்வு உடனே தோன்றும்: சலுகை உதவாமல் இருப்பதற்கு மட்டும், தீங்கு செய்வதற்கு இல்லை என்று எழுதிவிடலாமே? எழுதலாம், ஷெஃப்லரே பின்னாளில் 1992இல் அந்தத் திசையில் யோசித்தார். ஆனால் அதை எழுதியதும், செய்வதற்கும் விட்டுவிடுவதற்கும் இடையில் தானாகவே ஒரு தார்மீக வித்தியாசம் உண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டோம். விளைவுவாதத்தின் உயிர்நாடியே அந்த வித்தியாசத்தை மறுப்பதுதான். உப்பில்லாத ஊறுகாய் செய்து தருகிறேன் என்று சொன்னவர், கெட்டுப் போகாமல் இருக்கக் கொஞ்சம் உப்புப் போட்டது போல ஆகிவிடுகிறது.

மற்ற வகைகளைப் பார்க்கும்போதும் கண்ணை இந்த இடத்திலேயே வைத்திருங்கள். மைக்கேல் ஸ்லோட் 1980களில் "ஆகச் சிறந்தது வேண்டாம், போதுமானது போதும்" என்றார். ஹெர்பர்ட் சைமன் பொருளாதார முடிவுகளைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்திய யோசனையை நெறிமுறைக்குக் கொண்டுவந்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு மருத்துவர் முன்னால் பத்து நோயாளிகள். ஒரே பொத்தானை அழுத்தினால் பத்துப் பேரும் பிழைப்பார்கள், இன்னொரு பொத்தானை அழுத்தினால் ஏழு பேர். ஏழு போதுமானது என்று கோடு போட்டிருந்தால், எந்தக் காரணமும் இல்லாமல் ஏழின் பொத்தானை அழுத்தலாம். அதைவிட மோசம்: மருத்துவர் எதுவும் செய்யாவிட்டாலும், கையிலுள்ள மருந்தாலேயே பத்துப் பேரும் குணமாகப் போகிறார்கள், மருத்துவர் எழுந்து போய் மூன்று பேரின் மருந்தைக் கொட்டினாலும் ஏழு மிஞ்சுகிறது, கோடு தாண்டப்படவில்லை. பென் பிராட்லி 2006இல் இந்த ஓட்டையைத் தெளிவாகக் காட்டினார். கோட்டை எங்கே போட்டாலும், கோட்டுக்கு மேலே இருக்கும் நன்மையை வேண்டுமென்றே கெடுக்க அது இடம் விடுகிறது. மறுபடியும், விட்டுவிடுவதற்கு இடம் கொடுக்கப்போய்ச் செய்வதற்கும் இடம் கொடுத்துவிட்டது. "தனக்குச் சிரமம் இருந்தால்தான் குறைக்கலாம்" என்று ஒட்டுப்போட்டால் பொத்தான் கதை அடைபடும். ஆனால் மாமா கதை திரும்ப வாசலுக்கு வந்துவிடும், ஏனென்றால் சொத்தை இழப்பதும் சிரமம்தான்.

அடுத்து, நியாயமான பங்கு. இதன் வேர் சிங்கரின் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. என் வசதியுள்ள எல்லோரும் ஆளுக்கு 5 பவுண்டு கொடுத்தால் அகதிகளுக்குப் போதும். எனவே என் கடமையும் 5 பவுண்டுதான் என்ற வாதத்தை அவரே எடுத்துவைத்து, அவரே உடைக்கிறார். எல்லோரும் கொடுத்தால் 5 போதும் என்பது உண்மை. ஆனால் எல்லோரும் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியுமே? லியம் மர்ஃபி 2000இல் இந்த உடைப்பை ஏற்க மறுத்தார். நன்மை செய்வது எல்லோரும் சேர்ந்து சுமக்கும் காரியம். எல்லோரும் ஒழுங்காக நடந்திருந்தால் என் தோளில் எவ்வளவு விழுந்திருக்குமோ அதற்குமேல் என்னிடம் கேட்க முடியாது என்றார். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது பாதிப் பேர் வடத்தை விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால், மீதிப் பேர் இரண்டு மடங்கு இழுக்கக் கடமைப்பட்டவர்களா என்பதுதான் அவர் கேள்வி. தேர் விஷயத்தில் அவர் பக்கம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. ஆனால் குளத்தில் இரண்டு குழந்தைகள், கரையில் இரண்டு பேர். மற்றவர் ஒரு குழந்தையைக்கூடத் தூக்காமல் போய்விட்டார். நான் ஒன்றைத் தூக்கிவிட்டேன், இரண்டாவதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. என் பங்கு முடிந்தது என்ற வாதம் இங்கே வாயில் வராது. தேர் நின்றால் தேர்தான் நிற்கும், இங்கே விலையைக் கொடுப்பது அந்தக் குழந்தை. சுமையின் அநியாயம் கரையில் நிற்கும் எனக்கும் ஓடிப்போனவருக்கும் நடுவில் உள்ள வழக்கு. அதைக் குழந்தையின் கணக்கில் எழுத முடியாது.

பிராட் ஹூக்கரின் விதி விளைவுவாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த விதித் தொகுப்பைப் பெரும்பான்மையோர் மனதில் பதிய வைத்தால் நல்ல விளைவு வருமோ அதன்படி நட என்பது அது. அதில் மாமாவைக் கொல்ல இடமில்லை, இது பெரிய லாபம். சுமையும் சேர்த்து எண்ணப்படுகிறது. சிக்கல் என்னவென்றால், பிறர் விதியை மீறும் உலகில் பேரழிவு வராமல் பார்த்துக்கொள்ள ஒரு விதியையும் அவர் சேர்க்க வேண்டியிருக்கிறது. உலக வறுமை பேரழிவு இல்லையென்றால் வேறு எதுதான் பேரழிவு? அந்த வாசல் வழியாகச் சிங்கர் திரும்பவும் உள்ளே வரப் பார்க்கிறார். அலஸ்டர் நார்க்ராஸ் மாதிரியானவர்கள் எல்லாவற்றையும் ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்கள்: சரி, தப்பு, கடமை என்று எதுவும் இல்லை, ஒன்றைவிட இன்னொன்று மேல் என்ற தராசு மட்டும்தான். தானம் கொடுப்பது டிக்கெட் வாங்குவதைவிட மேல், அவ்வளவே. கேட்பதையே நிறுத்திவிட்டதால் அதிகம் கேட்கிறது என்ற புகாரும் விழுந்துவிடுகிறது. நேர்மையான வகை இது. ஆனால் உங்கள் கேள்வி "தப்பா" என்பது. அதற்கு இது பதில் தராமல், அந்தச் சொல்லை அகராதியிலிருந்து எடுத்துவிடுகிறது. மழுப்பல் என்று எதையாவது சொல்வதானால் இதைத்தான் சொல்வேன், அதையும் தயங்கித்தான் சொல்வேன்.

கடைசியாக, விளைவுவாதம் அதிகம் கேட்கிறது என்ற ஆட்சேபத்தின் பக்கமும் கொஞ்சம் வெளிச்சம் போட வேண்டும். டேவிட் சோபெல் 2007இல் கேட்ட கேள்வி இது. சாலிக்கு இரண்டு சிறுநீரகம், ஜோவுக்கு இரண்டும் பழுது. சாலி ஒன்றைத் தந்தே ஆக வேண்டும் என்னும் நெறி சாலியிடம் அதிகம் கேட்கிறது என்கிறோம். தர வேண்டாம் என்னும் நெறி ஜோவின் உயிரையே போகவிடுகிறதே, அது ஜோவிடம் அதிகம் கேட்கவில்லையா? இல்லை என்று நாம் சட்டென்று சொல்கிறோம், ஏனென்றால் ஜோவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, நடக்க விட்டார்கள், அவ்வளவுதான். ஆக, கேட்டுப் பறிக்கும் நஷ்டம் ஒரு ரகம், நடக்க விடும் நஷ்டம் இன்னொரு ரகம் என்ற பிரிவை ஆட்சேபம் தன் மடியில் ஒளித்து வைத்துக்கொண்டுதான் வருகிறது. விளைவுவாதி ஏற்காத அதே பிரிவு. எனவே, அந்தப் பிரிவை நீங்கள் ஏற்றால் விளைவுவாதத்தை மறுக்க அதுவே போதும், சுமை பற்றிய தனி வாதம் தேவையில்லை; ஏற்காவிட்டால் சுமை பற்றிய வாதம் நிற்காது. சோபெலின் முடிவு முழுக்கச் சரியா என்பதில் சண்டை ஓயவில்லை. எனக்கு முக்கால்வாசி ஒப்புதல். அந்தக் கால்வாசித் தயக்கம் வீணை வகுப்பைப் பற்றியது: ஒரு வாழ்க்கையைத் தன்னுடையதாக நடத்த முடியாமல் போவது, செய்வதா விடுவதா என்ற பிரிவோடு சம்பந்தமே இல்லாத ஒரு புகாராகவும் இருக்கலாம்.

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியதை உங்கள் டிக்கெட்டுக்கே திருப்புகிறேன். ஷெஃப்லரின் பெருக்கெண் சிறியதாக இருந்தால் டிக்கெட்டுக்கு அனுமதி கிடைக்காது, பெரியதாக இருந்தால் கிடைக்கும். போதுமானது போதும் என்பவரிடம் கிடைக்கும், ஆனால் அவர் கூடவே வேறு சிலவற்றுக்கும் அனுமதி கொடுத்துவிடுவார். மர்ஃபியிடம் உங்கள் பங்கைக் கொடுத்த பிறகு கிடைக்கும். இவர்களில் எவரும் ஒன்றுமே கொடுக்காதவருக்கு அனுமதி தருவதாகத் தெரியவில்லை. பெருக்கெண்ணை 30க்குத் தூக்கினால்தான் அது நடக்கும், அதுவும் ஒரு ரூபாய் ஒரு ரூபாயாகவே போய்ச் சேரும் என்ற அனுமானத்தில் மட்டும்.